மூட்டைக்கு எத்தனை சட்டி? மணல் ஜல்லி எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுதே

மாடிவீடு | ஜனவரி 11, காலை 7:10

ரூஃப் காங்கிரீட் போடப் போறோம். ஒண்ணுக்கு ஒன்றரைக்கு மூணுன்னு பேச்சு. மூட்டைக்கு எத்தனை சட்டின்னு மேஸ்திரிகிட்ட கேட்டா மணல் 6, ஜல்லி 9ங்கறார். பக்கத்துல நடக்கற வேலையில 4க்கு 8 போடறத நானே நின்னு பாத்தேன், அங்கயும் இதே ரேஷியோ தானாம். அளவுப்பெட்டி செஞ்சு தரேன்னு சொன்னேன், பெட்டியில அளந்தா காங்கிரீட் முடிய ராத்திரி ஆயிடும்னு சிரிச்சிட்டாங்க. ரெண்டுல எது சரி? ஒரே நம்பரா சொல்லுங்க, வியாக்கியானம் வேண்டாம்.

மூத்தமேஸ்திரி | ஜனவரி 11, காலை 8:02

தம்பி இதுல குழம்ப என்ன இருக்கு. மணல் எவ்வளவோ அதுல ரெண்டு பங்கு ஜல்லி. 5 மணல்னா 10 ஜல்லி. சட்டி சின்னதோ பெருசோ கவலையே இல்ல, சிமெண்டையும் அதே சட்டியில அளந்து கொட்டிட்டா விகிதம் தானா வந்துடும். நாங்க இத்தன வருஷமா இப்படித்தான், ஒரு கட்டடமும் விழல.

மட்டப்பலகை | ஜனவரி 11, காலை 9:40

மேஸ்திரி சொன்னதுல பாதி சரி. மணலுக்கும் ஜல்லிக்கும் ஒரே சட்டி, ஒரே மாதிரி நிரப்பறதுன்னா அந்த ரெண்டுக்கும் நடுவுல விகிதம் ஓரளவு நிக்கும். சிமெண்ட சட்டியில அளக்கற இடத்துல தான் வம்பு. 50 கிலோ மூட்டைய 35 லிட்டர்னு தான் கணக்குல எடுத்துக்கறாங்க. ஆனா மூட்டைய பிரிச்சு கொட்டுனா பொலபொலன்னு உப்பி அதைவிட கூட இடம் பிடிக்கும், அதை மம்பட்டியில வாரி சட்டியில போட்டா இன்னும் காத்து சேரும். அப்போ சட்டிக்கு சட்டி அளந்தா சிமெண்ட் எப்பவும் கம்மியா தான் விழும். அதனால சிமெண்டுக்கு அளவு மூட்டை தான், சட்டி கிடையாது. மூட்டைய அப்படியே முழுசா கொட்டணும்.

இப்போ மாடிவீடு கேள்விக்கு. ஒரே நம்பர் கிடையாது, கோச்சுக்காதீங்க. ஒரு மூட்டைக்கு மணல் ஒன்றரை பங்குன்னா 52.5 லிட்டர், ஜல்லி மூணு பங்குன்னா 105 லிட்டர். இது தான் மாறாதது. உங்க சட்டியில எத்தனை லிட்டர் வருதுன்னு தெரியாம 6ங்கறதும் 4ங்கறதும் வெறும் எண்ணு. சட்டி 16 இன்ச்சா 18 இன்ச்சா, தலைதட்டி வருதா குமிச்சு வருதா, மணல் ஈரமா காஞ்சதா, இந்த மூணும் சொன்னா நம்பர் சொல்றேன்.

மாடிவீடு | ஜனவரி 11, காலை 10:15

வியாக்கியானம் வேண்டாம்னு சொல்லியும் கேள்வி மேல கேள்வியா வருது. சட்டி 18 இன்ச் மாதிரி தான் இருக்கு. ஈரம் பாக்கல. குமிச்சு தான் போடறாங்க.

பூச்சுவேலை | ஜனவரி 11, காலை 11:30

எனக்கும் இதே சந்தேகம். வெளிச்சுவர் பூச்சு, ஒண்ணுக்கு அஞ்சு. 15 சட்டி போட்டோம், பூச்சு கை வச்சா மண்ணா உதிருது. ஜல்லி குறைச்சிருக்கணுமா?

மட்டப்பலகை | ஜனவரி 11, மதியம் 12:05

பூச்சுல ஜல்லியே கிடையாதே சார். ஒண்ணுக்கு அஞ்சுன்னா மூட்டைக்கு 175 லிட்டர் மணல். உங்க சட்டி எத்தனை லிட்டர்னு தெரிஞ்சா தான் 15 கூடவா குறைவான்னு சொல்ல முடியும். உதிர்றதுக்கு தண்ணி காட்டாததும் காரணமா இருக்கலாம். தனியா கேளுங்க, இங்க கலந்தா ரெண்டும் குழம்பிடும்.

கலவைக்காரி | ஜனவரி 11, மாலை 4:50

நான் சட்டி சுமந்தவ, அதுல இருந்து ஒண்ணு சொல்றேன். சட்டிய நிரப்பறது ஒருத்தர், தூக்கறது இன்னொருத்தர். மம்பட்டி பிடிக்கற ஆளு நம்ம முகத்த பாத்து தான் போடுவாரு. ஒல்லியா ஒரு பொண்ணு வந்து நின்னா ரெண்டு வெட்டு, திடமா ஒருத்தர் வந்தா மூணு வெட்டு. மேஸ்திரி பக்கத்துல நின்னா எல்லாருக்கும் மூணு. சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாருக்குமே ரெண்டரை. எண்ணறவருக்கு எல்லாம் ஒரு சட்டி தான்.

இன்னொன்னு, சட்டி அடியில காஞ்ச கலவை அப்பிக்கும். தட்டாம விட்டா விரல் கனத்துக்கு ஏறி நிக்கும். புது சட்டியும் அந்த சட்டியும் ஒண்ணா?

மட்டப்பலகை | ஜனவரி 11, இரவு 8:20

அக்கா சொன்னது தான் விஷயமே. இதுக்கு மேல நான் சொல்றதெல்லாம் அதுக்கு கணக்கு போடறது தான்.

18 இன்ச் சட்டி, ஆழம் 12 செமீ மாதிரி இருந்தா, தலைதட்டி அளந்தா பத்தரை லிட்டர் கிட்ட வரும். 16 இன்ச், 11 செமீ ஆழம்னா ஏழரை தான். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஒரே வேலையில ரெண்டும் கலந்தே ஓடும், ஆனா கால்வாசிக்கு மேல வித்தியாசம். குமிச்சா அதுக்கு மேல மூணு நாலு லிட்டர் ஏறும், எவ்வளவுங்கறது மம்பட்டிக்காரர் கையில.

மாடிவீடு, உங்களுக்கு ஒரு வேலை. உள்ளளவு 40 செமீ நீளம், 35 அகலம், 25 உயரம், இப்படி ஒரு பலகைப் பெட்டி அடிக்க சொல்லுங்க. சரியா 35 லிட்டர். இதுல தினமும் அளக்க வேண்டாம், மேஸ்திரிய பகைச்சுக்கவும் வேண்டாம். காங்கிரீட்டுக்கு முன்னாடி ஒரு தடவ, அதே சட்டி, அதே மம்பட்டிக்காரர், வழக்கமா எப்படி போடுவாரோ அப்படியே போட்டு பெட்டிக்குள்ள கொட்ட சொல்லுங்க. நிரம்பற வரைக்கும் எத்தனை சட்டின்னு எண்ணுங்க. பெட்டிய குலுக்காதீங்க, மேல மட்டக்கட்டையால இழுத்து விடுங்க. சோதனைன்னு சொன்னா அவர் ஸ்பெஷலா நிரப்புவார், சொல்லாம செய்யுங்க.

மூத்தமேஸ்திரி | ஜனவரி 11, இரவு 9:05

பெட்டி நல்லது தான், நான் வேண்டாங்கல. ஆனா பெட்டி நிறைய மணல் 55 கிலோ இருக்கும், ரெண்டு பேர் கைப்பிடி பிடிச்சு தூக்கணும். மில்லர் ஹாப்பர்ல அதை கவுக்கறதுக்குள்ள முதுகு போயிடும். கீழ தளத்துல கையால கலக்கறப்ப அடி இல்லாத பெட்டி வச்சு நிரப்பி பெட்டிய மட்டும் தூக்கிடுவோம், அப்ப சரி. மெஷினுக்கு சட்டி தான் ஓடும். இது புரியாம இஞ்சினியர் பசங்க பெட்டி பெட்டின்னு கத்துவாங்க.

மட்டப்பலகை | ஜனவரி 11, இரவு 9:30

அதனால தான் சட்டிய விட சொல்லல அண்ணே. சட்டிக்கு எத்தனை லிட்டர்னு ஒரு தடவ தெரிஞ்சுக்க மட்டும் பெட்டி.

மாடிவீடு | ஜனவரி 13, மாலை 6:40

செஞ்சாச்சு. சட்டியில தண்ணி ஊத்தி ஒரு லிட்டர் ஜக்கால அளந்தேன், பத்தரை வந்துச்சு, மட்டப்பலகை சொன்னது அப்படியே. மணல் வழக்கம் போல குமிச்சு போட்டதுல ரெண்டரை சட்டியில பெட்டி நிரம்புது. ஜல்லி மூணு பெட்டிக்கு 8 சட்டி ஆச்சு.

அப்படின்னா மணல் சட்டி ஒண்ணுக்கு 14 லிட்டர். 52.5 வேணும்னா 4 சட்டிக்கு கொஞ்சம் கம்மி. அப்போ பக்கத்து வேலைக்காரங்க 4க்கு 8 தான் கரெக்ட், எங்க மேஸ்திரி 6 போட்டு ஏமாத்த பாத்திருக்கார். நாளைக்கு கேக்கறேன்.

மட்டப்பலகை | ஜனவரி 13, இரவு 7:15

கேக்காதீங்க, அவசரப்படாதீங்க. மணல் ஈரமான்னு கேட்டேனே, அதுக்கு பதில் வரல.

ஒரு கண்ணாடி ஜாடியோ நேரா நிக்கற டப்பாவோ எடுத்து மணல தளர்வா 20 செமீ உயரத்துக்கு போடுங்க, அமுக்காதீங்க. அப்புறம் மணல் முழுகற வரைக்கும் தண்ணி ஊத்தி குச்சியால கிளறி விட்டு படிய விடுங்க. எவ்வளவு உயரத்துல படியுதுன்னு சொல்லுங்க.

மாடிவீடு | ஜனவரி 14, காலை 7:30

16ல நிக்குது. தண்ணி ஊத்துனா கூடும்னு நெனச்சேன், குறையுது.

மட்டப்பலகை | ஜனவரி 14, காலை 8:45

அதான் மேட்டரு. லேசா ஈரமான மணல்ல ஒவ்வொரு பொடிய சுத்தியும் தண்ணி படலம் ஒட்டி ஒண்ண ஒண்ணு தள்ளி நிக்க வைக்கும், அதனால உப்பும். முழுசா தண்ணியில முழுகுனா அந்தப் பிடி விட்டுப் போய் காஞ்ச மணல் அளவுக்கே படிஞ்சிடும். உங்களுக்கு 16க்கு 4 உப்பல், அதாவது 25 சதவீதம். பொடி மணல்னா இன்னும் ஏறும், பருமணல்ல குறையும். எம் சாண்டும் ஈரமா வந்தா உப்பும், அது உப்பாதுன்னு சிலர் நெனச்சுக்கறாங்க.

இப்போ கணக்கு. 52.5 லிட்டர்ங்கறது காஞ்ச மணலுக்கு. உங்க ஈரமணல்ல அதே மணல் கிடைக்கணும்னா 52.5ஐ 1.25ஆல பெருக்கணும், 65 லிட்டருக்கு கொஞ்சம் மேல. சட்டிக்கு 14ன்னா நாலே முக்கால். 5 சட்டின்னு வச்சுக்கலாம். ஜல்லி ஈரத்துல உப்பாது, 8 அப்படியே.

உங்க மேஸ்திரியோட 6க்கு 9ஐ தலைதட்டி சட்டியில போட்டுப் பாருங்க. 6 தடவ பத்தரை 63 லிட்டர், உப்பல் கழிச்சா 50. ஜல்லி 9 தடவ 94. மணல் கிட்டத்தட்ட சரி, ஜல்லி ஒரு சட்டி கம்மி. ஆக அவர் நம்பர் ஈரமணலுக்கு தலைதட்டி போடற நம்பர். பக்கத்து வேலையோடது காஞ்ச மணலுக்கு குமிச்சுப் போடற நம்பர். ரெண்டு பேருமே அவங்கவங்க சட்டிக்கு பொய் சொல்லல. ஆபத்து எங்கன்னா அவரோட 6ஐ உங்க ஆளோட குமிச்ச சட்டியில போட்டா. 84 லிட்டர் மணல் போயிடும், உப்பல் கழிச்சாலும் 67. அவ்வளவு மணலுக்கு கலவை வறண்டு நிக்கும், உடனே தண்ணிய திறந்து விடுவாங்க. பலம் அங்க தான் போகும்.

தராசு | ஜனவரி 14, காலை 10:20

இவ்வளவு சுத்தணுமா? தொங்கு தராசு ஒண்ணு வாங்கி எடை போட்டா உப்பல் பிரச்சனையே இல்ல. மணல் 84 கிலோ, ஜல்லி 157 கிலோ, முடிஞ்சுது. ஈரமா இருந்தா 5 சதவீதம் எடை கூடும், அவ்வளவு தான். கன அளவுல 25 சதவீதம் தப்பு வர்ற இடத்துல எடையில 5.

மட்டப்பலகை | ஜனவரி 14, காலை 11:00

ஒத்துக்கறேன், எடை தான் சுத்தம். ஆனா 84ங்கறது மணல் லிட்டருக்கு 1.6 கிலோன்னு வச்ச கணக்கு, எல்லா மணலும் அப்படி இல்ல. வேலை ஓடறப்ப ஒவ்வொரு சட்டியா தொங்க விடவும் முடியாது. நடுநடுவுல ஒரு சட்டிய பிடிச்சு தொங்க விட்டா ஆளு சோர்ந்துட்டாங்களான்னு உடனே தெரியும், அதுக்கு அருமை. மாடிவீடு சட்டியில ஈரமணல் 19 கிலோ கிட்ட காட்டணும். 16 காட்டுனா குமியல் இறங்கிடுச்சுன்னு அர்த்தம்.

ஆங், தண்ணி. அந்த மணல்ல 5 சதவீதம் ஈரம்னா மூட்டைக்கு 4 லிட்டர் தண்ணி ஏற்கனவே உள்ள இருக்கு. 25 லிட்டர்னு பேசியிருந்தா 21 தான் ஊத்தணும்.

மூத்தமேஸ்திரி | ஜனவரி 14, மதியம் 1:10

மணல் ஈரத்துல உப்பும்னு எங்களுக்கும் தெரியும், மழை நாள்ல ஒரு சட்டி கூட போடுன்னு சொல்லுவோம். ஆனா ஈரமணல் சட்டியில நல்லா குத்தா நிக்கும், காஞ்சது சரிஞ்சு விழும். அதனால ஈரமா இருந்தா சட்டிக்கு கூடவே ஏறுது. அங்க உப்பலுக்கு ஈடு கட்டிடுதே, தனியா ஏன் கூட்டணும்?

மட்டப்பலகை | ஜனவரி 14, மதியம் 2:30

நல்ல கேள்வி அண்ணே. குமியல் கூடறது நிஜம். பாதி ஈடு கட்டலாம், முழுசா கட்டும்னு நான் நம்பல. மாடிவீடு பெட்டியில அளந்ததே ஈரமணல குமிச்சு தான், அதனால அந்த 14லயே கூடுதல் குமியல் சேந்தாச்சு, அவருக்கு 5 தான். காஞ்ச மணல்ல சட்டிய அளந்து வச்சிட்டு மழைக்கு அப்புறம் அதே எண்ணிக்கைய ஓட்டறவங்களுக்கு நீங்க சொன்ன ஈடு பாதி காப்பாத்தும். அதுவும் தலைதட்டி போடறவங்களுக்கு சுத்தமா கிடையாது.

மணல் குறைஞ்சா சிமெண்ட் கூட தானே, நல்லது தானேன்னு சிலர் கேப்பாங்க. மணல் பத்தலன்னா ஜல்லிக்கு நடுவுல இடம் நிரம்பாது. கலவைய கொட்டுனதும் ஜல்லி மொட்டையா தெரியும், மம்பட்டி உள்ள இறங்க முரண்டு பிடிக்கும், பீம் அடியில கம்பிய சுத்தி பொத்தல் விழும். ஷட்டர் பிரிச்சா தான் தெரியும், அப்புறம் பூசி மறைப்பாங்க.

கலவைக்காரி | ஜனவரி 14, மாலை 5:15

எண்ணறது யாருன்னு யாரும் கேக்கலயே. மெஷின்காரர் ஹாப்பர்கிட்ட நின்னு வாயால எண்ணுவாரு, நடுவுல யாராவது தீப்பெட்டி கேட்டா எத்தனையாவது சட்டின்னு மறந்து போயிடும். மணலும் ஜல்லியும் ஒரே வரிசையில வந்தா இன்னும் மோசம். நாங்க முதல்ல ஜல்லி சட்டி எல்லாம் முடிச்சிட்டு அப்புறம் மணல்னு வரிசை மாத்திக்குவோம், 8 ஜல்லிக்கு 8 பேர். கடைசி ஆளு காலி சட்டியோட திரும்பினா ஜல்லி முடிஞ்சுதுன்னு அர்த்தம், எண்ணவே வேண்டாம்.

மாடிவீடு | ஜனவரி 14, இரவு 8:00

இது சூப்பர் அக்கா. 8 சட்டி ஜல்லிக்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சிடறேன், மணலுக்கு 5 தனியா. 16 இன்ச் சட்டிய எல்லாம் ஒளிச்சு வச்சிடறேன்.

மேஸ்திரிகிட்ட பெட்டி கணக்க காட்டினேன். மூஞ்ச சுளிச்சாரு, அப்புறம் அவரே ஒரு சட்டி மணல பெட்டியில போட்டு பாத்தாரு. தலைதட்டி 6க்கு 10, இல்லன்னா குமிச்சு 5க்கு 8, எதுன்னு நீங்களே சொல்லுங்கன்னார். குமிச்சதே இருக்கட்டும்னேன், ஆளுங்க பழக்கம் அது.

தராசு | ஜனவரி 14, இரவு 8:40

காங்கிரீட் முடிஞ்சதும் காலி சாக்க எண்ணுங்க. சட்டிய யார் எப்படி போட்டாலும் சாக்கு பொய் சொல்லாது. இந்த ரேஷியோவுக்கு மூட்டைக்கு நாலரை கன அடி காங்கிரீட் கிட்ட வரணும். ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலுன்னா அஞ்சரைக்கு மேல போகும்.

மாடிவீடு | ஜனவரி 19, இரவு 9:20

நேத்து முடிஞ்சுது. ஸ்லாப் 600 சதுர அடி, 5 இன்ச், அது 250 கன அடி. பீம் எல்லாம் சேத்து ஒரு 60. மொத்தம் 310. காலி சாக்கு 64. வகுத்தா 4.84 வருது. நாலரைன்னா 69 மூட்டை ஆகியிருக்கணுமே, 5 மூட்டை எங்க போச்சு? மதியத்துக்கு மேல சட்டி சின்னதாயிடுச்சு, நானே பாத்தேன், அதனாலயா?

மட்டப்பலகை | ஜனவரி 19, இரவு 10:05

தலைகீழா யோசிக்கறீங்க. சட்டி சின்னதானா மூட்டைக்கு மணல் ஜல்லி கம்மியா போகும், காங்கிரீட் கம்மியா வரும், அப்ப சாக்கு 69ஐ தாண்டணும். உங்களுக்கு குறைஞ்சிருக்கு. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சில கலவையில ஒரு சட்டி கூட விழுந்திருக்கு. இல்லன்னா ஸ்லாப் 5 இன்ச் இல்ல. நாலரை இன்ச்னு போட்டுப் பாருங்க, 225ம் 60ம் 285, 64ஆல வகுத்தா 4.45. அப்படியே பொருந்துது.

தராசு | ஜனவரி 19, இரவு 10:30

பொருந்துதுன்னா அதான்னு முடிவு பண்ணிடாதீங்க. நாலரைங்கறதே தோராயம். ஜல்லி வடிவம், மணல் கனம் மாறினா முன்ன பின்ன 5 சதவீதம் ஓடும். 4.84ங்கறது ஏழரை சதவீதம் தான் கூட. பீம் அளவ வெளிப்பக்கம் எடுத்தாரா, கம்பி இடத்த கழிச்சாரான்னு யாருக்கு தெரியும்.

மூத்தமேஸ்திரி | ஜனவரி 20, காலை 6:30

கனம் குறைய வாய்ப்பு இருக்கு தம்பி. சென்ட்ரிங் நடுவுல லேசா மேல தூக்கி கட்டுவோம், மேல மட்டம் நூல் கட்டி இழுப்போம், அப்ப நடுவுல அரை இன்ச் போயிடும். விளிம்புல சரியா இருக்கும். விளிம்ப மட்டும் அளந்து பாத்துட்டு சரின்னு வராதீங்க.

மாடிவீடு | ஜனவரி 20, காலை 7:50

அப்போ நடுவுல எப்படி பாக்கறது? ஃபேன் கொக்கி பாக்ஸ் ரெண்டு நடுவுல இருக்கு, எலக்ட்ரிசியன் பைப்புக்கு விட்ட ஓட்டை ஒண்ணு படிக்கட்டு பக்கம். ஓட்டை வழியா கம்பி விட்டு அளந்தா தெரியுமா?

மட்டப்பலகை | ஜனவரி 20, காலை 9:10

பைப் ஓட்டை மேல வரைக்கும் திறந்திருந்தா தெரியும். கம்பி முனைய எல் மாதிரி வளைச்சு கீழ இருந்து விட்டு மேல் விளிம்புல மாட்டி இழுத்து, கீழ சீலிங் மட்டத்துல குறி போடுங்க. ஆனா படிக்கட்டு பக்கம் விளிம்பு தானே. நடுவுக்கு, ஷட்டர் பிரிச்ச அப்புறம் மேலயும் கீழயும் டியூப் லெவல் வச்சு ஒரே நூல் மட்டத்துக்கு கழிச்சு பாக்கலாம், ரெண்டு ஆள் வேணும், கால் இன்ச் பிசகும்.

பூச்சுவேலை | ஜனவரி 20, மதியம் 12:40

நானும் பெட்டி அடிச்சு பாத்துட்டேன். எங்க சட்டி குமிச்சு 13 லிட்டர், 15 சட்டின்னா 195. மணல் ஈரம் தான், உப்பல் இன்னும் பாக்கல. 20 சதவீதம்னு வச்சா 162, அப்ப மணல் கம்மி தானே போட்டிருக்கேன், ஒண்ணுக்கு அஞ்சு கூட இல்ல. பின்ன ஏன் உதிருது?

மூத்தமேஸ்திரி | ஜனவரி 20, மதியம் 1:05

எத்தன நாள் தண்ணி அடிச்சீங்க தம்பி? கலவைய எத்தன மணி நேரம் வச்சு பூசுனாங்க?